கடல் ஏன் ஜிப்சமாகப் படியவில்லை?

கடல்நீரில் சோற்றுப்பு மட்டும் கரைந்திருக்கவில்லை. கால்சியம், மக்னீசியம், சல்பேட் முதலிய வேறு பல அயனிகளும் அதில் உள்ளன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் கால்சியம் அயனி ஏறக்குறைய 0.010 மோலும், சல்பேட் அயனி 0.028 மோலும் இருக்கும். இவ்விரண்டும் சேர்ந்தால் கிடைப்பது கால்சியம் சல்பேட். இரண்டு நீர் மூலக்கூறுகளோடு படிகமாகும்போது அதற்கு ஜிப்சம் என்று பெயர்.

ஜிப்சம் நீரில் மிகக் குறைவாகவே கரையும் பொருள். இத்தகைய பொருள்களுக்குக் கரைதிறன் பெருக்கம் என்ற எண் உண்டு என்பதை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள். கரைசலிலுள்ள இருவகை அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண், கரைதிறன் பெருக்கத்தைவிட அதிகமாக இருந்தால் பொருள் வீழ்படிவாகப் பிரியும். குறைவாக இருந்தால் பிரியாது. 25 டிகிரி சென்டிகிரேடில் ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கம் 2.6 × 10⁻⁵ ஆகும்.

இனிக் கடல்நீருக்கு வருவோம். 0.010 ஐ 0.028 ஆல் பெருக்கினால் 2.8 × 10⁻⁴ வருகிறது. இது கரைதிறன் பெருக்கத்தைப் போல ஏறத்தாழ 11 மடங்கு! பாடநூல் விதிப்படி பார்த்தால் உலகின் கடல்கள் அனைத்தும் இந்த நொடியே ஜிப்சத்தைக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை. ஒரு பாட்டிலில் கடல்நீரைப் பிடித்து மாதக்கணக்கில் மூடி வைத்தாலும் அடியில் ஜிப்சம் படிவதில்லை. அதுமட்டுமன்று, ஒரு துண்டு ஜிப்சத்தைக் கடல்நீரில் போட்டால் அது மேலும் கரையவே செய்கிறது!

விதி தவறா? கணக்கு தவறா? இரண்டும் தவறில்லை. விதிக்குள் நாம் இட்ட எண்தான் தவறு. அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

நல்ல நீரிலேயே தொடங்கும் சிக்கல்

கடல்நீரில் பல பொருள்கள் கலந்திருப்பதால் வந்த குழப்பம் இது என்று ஒருவர் எண்ணலாம். ஆகவே வாலைவடிநீரை எடுத்துக்கொள்வோம். அதில் ஜிப்சத்தை மட்டும் போட்டு, இனிக் கரையாது என்னும் நிலைவரை கலக்குவோம். எவ்வளவு கரைந்திருக்கும்?

கணக்கு எளியது. கரைசலில் கால்சியமும் சல்பேட்டும் சம அளவில் இருக்கும். ஆகவே ஒவ்வொன்றின் செறிவும் 2.6 × 10⁻⁵ இன் வர்க்கமூலம். அதாவது லிட்டருக்கு 0.0051 மோல். கிராம் கணக்கில் சொன்னால் ஒரு லிட்டரில் 0.9 கிராம் ஜிப்சம் கரைய வேண்டும்.

உண்மையில் அளந்து பார்த்தால் லிட்டருக்கு 0.015 மோல், அதாவது 2.6 கிராம் கரைந்திருக்கிறது. கணக்கு சொன்னதைப் போல மூன்று மடங்கு! வேறெந்தப் பொருளும் கலவாத தூய நீரிலேயே இவ்வளவு வேறுபாடு.

இன்னொரு விந்தையும் உண்டு. நீரில் சோற்றுப்பைக் கரைத்துவிட்டு ஜிப்சத்தைப் போட்டால், முன்னைவிட அதிகமாகக் கரைகிறது. சோற்றுப்பில் கால்சியமும் இல்லை, சல்பேட்டும் இல்லை. ஜிப்சத்தோடு அதற்கு எந்த வேதிவினையும் இல்லை. இருந்தும் லிட்டருக்கு இரண்டரை மோல் அளவில் சோற்றுப்பு உள்ள நீரில், தூய நீரில் கரைவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஜிப்சம் கரைகிறது.

இதை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். இரண்டு குடுவைகளில் 100 மில்லிலிட்டர் வாலைவடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 6 கிராம் தூய சோடியம் குளோரைடைக் கரையுங்கள். பிறகு இரண்டிலும் 0.4 கிராம் ஜிப்சப் பொடியைப் போட்டு, அடிக்கடி குலுக்கி, ஒரு நாள் விட்டு வையுங்கள். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், அவசரப்பட்டால் பயனில்லை. மறுநாள் தூய நீருள்ள குடுவையின் அடியில் வெண்பொடி தங்கியிருக்கும். உப்புநீருள்ள குடுவையில் பொடி மறைந்திருக்கும். கடையில் விற்கும் உப்பை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் நீரைக் கலங்கச் செய்து உங்களை ஏமாற்றிவிடும். சுண்ணக்கட்டியையும் தவிர்க்கவும்; அதிலும் வேறு பொருள்கள் கலந்திருக்கும்.

ஒரு பழைய புதிர்

கரைசல்கள் கணக்கிற்குள் அடங்காதிருப்பதை அறிவியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டனர். நீரில் எதையேனும் கரைத்தால் அதன் உறைநிலை தாழும். எவ்வளவு தாழும் என்பது கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கிலோகிராம் நீரில் 0.1 மோல் சோடியம் குளோரைடைக் கரைத்தால், ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு அயனிகளாகப் பிரியும் என்ற கணக்கில் உறைநிலை 0.372 டிகிரி தாழ வேண்டும். அளந்தால் 0.348 டிகிரிதான் தாழ்கிறது.

கரைசலில் அயனிகள் உள்ளன என்ற கொள்கையை 1887இல் வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ், உப்பு முழுவதும் பிரியவில்லை, ஒரு பகுதி மூலக்கூறாகவே தங்கிவிடுகிறது என்று இதற்கு விளக்கம் தந்தார். அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த பொருள்களுக்கு இவ்விளக்கம் அழகாகப் பொருந்தியது. சோற்றுப்புக்குப் பொருந்தவில்லை. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக்கொண்டு சோற்றுப்பின் படிகத்தை ஆராய்ந்தபோது, படிகத்தில் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று தனியாக ஒன்றுமே இல்லை எனத் தெரியவந்தது. சோடியமும் குளோரினும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பே அது. படிகத்திலேயே மூலக்கூறு இல்லையென்றால் கரைசலில் பிரியாத மூலக்கூறு எங்கிருந்து வரும்?

ஆகவே அயனிகளின் எண்ணிக்கை குறையவில்லை. அவை முழுமையாகச் செயல்பட முடியாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது என்று கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்க அறிஞர் ஜி. என். லூயிஸ் 1907இலேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். சமநிலைச் சமன்பாடுகளில் செறிவை இடாதீர்கள். அதற்குப் பதிலாக 'செயல்திறன்' என்ற அளவை இடுங்கள் என்பதே அது. செறிவை ஒரு கெழுவால் பெருக்கினால் செயல்திறன் கிடைக்கும். அக்கெழுவுக்குச் செயல்திறன் கெழு என்று பெயர். γ என்ற எழுத்தால் குறிப்பது வழக்கம். மிகமிக நீர்த்த கரைசலில் γ இன் மதிப்பு 1. அங்கே செறிவும் செயல்திறனும் ஒன்றே. செறிவு ஏற ஏற γ குறைகிறது. γ இன் மதிப்பு 0.5 என்றால், கரைசலிலுள்ள நூறு அயனிகள் ஐம்பது அயனிகளைப் போலவே சமநிலையில் கணக்காகின்றன என்று பொருள்.

பெயர் வைத்தாயிற்று. ஆனால் γ ஏன் குறைகிறது? எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இங்கேதான் இயற்பியல் உள்ளே வருகிறது. கல்கத்தாவில் ஞான் சந்திர கோஷ் 1918இல் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். கரைசலிலுள்ள அயனிகளும் படிகத்தில் இருப்பதுபோலவே ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொண்டு, அவற்றிடையே உள்ள மின்விசையைக் கணக்கிட்டார். அயனிகள் ஓயாது அலைந்துகொண்டிருப்பவை என்பதால் அந்த ஒழுங்கு நிலைக்காது. ஆனால் புதிருக்கு விடை அயனிகளிடையே உள்ள மின்விசையில் இருக்கிறது என்ற அடிப்படை சரியே. 1923இல் சூரிச் நகரில் டிபை, ஹ்யூக்கல் என்னும் இருவர் அலைச்சலையும் மின்விசையையும் ஒருங்கே கணக்கில் கொண்டு விடை கண்டனர்.

அயனியைச் சூழ்ந்த கூட்டம்

ஒரு கால்சியம் அயனியை மனக்கண்ணால் பின்தொடருங்கள். அதற்கு இரண்டு நேர்மின்னூட்டங்கள் உண்டு. சுற்றிலும் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் வெப்பத்தால் அங்குமிங்கும் மோதி அலைகின்றன. மின்விசை இல்லாவிடில் இருவகை அயனிகளும் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆனால் கால்சியம் எதிர் அயனிகளை ஈர்க்கிறது, நேர் அயனிகளைத் தள்ளுகிறது. அதனால் சராசரியாகப் பார்த்தால் அதன் அருகில் எதிர் அயனிகள் சற்று அதிகமாகவும், நேர் அயனிகள் சற்றுக் குறைவாகவும் இருக்கும். எந்தக் குறிப்பிட்ட அயனியும் அங்கேயே தங்குவதில்லை. திருவிழாவில் பலூன்காரரைச் சுற்றி எப்போதும் சிறுவர் கூட்டம் இருக்கும். ஆனால் அதே சிறுவர்கள் அல்லர். அதுபோலத்தான் இதுவும்.

இந்தக் கூட்டத்தை அயனிச் சூழல் என்போம். அதன் மொத்த மின்னூட்டம் நடுவிலிருக்கும் அயனியின் மின்னூட்டத்துக்குச் சமமாகவும் எதிராகவும் இருக்கும். அதாவது கால்சியம் அயனி எங்கு சென்றாலும் ஓர் எதிர்மின் போர்வையைப் போர்த்துக்கொண்டே செல்கிறது. இப்போர்வையின் ஈர்ப்பால் அயனியின் ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறைந்த துகள் இருக்கும் நிலையிலேயே இருக்க விரும்பும். படிகத்துக்குத் திரும்பிச் சென்று ஒட்டிக்கொள்ள அது அவ்வளவு நாட்டம் காட்டாது.

இப்போது கரைதலை எண்ணிப் பாருங்கள். படிகத்திலிருந்து அயனிகள் கரைசலுக்குள் போகின்றன. கரைசலிலிருந்து சில அயனிகள் படிகத்துக்குத் திரும்புகின்றன. போவதும் வருவதும் சமமாகும்போது சமநிலை. போர்வை போர்த்த அயனிகள் திரும்பி வரத் தயங்குவதால், சமநிலை ஏற்பட இன்னும் அதிக அயனிகள் கரைசலில் சேர வேண்டியிருக்கிறது. ஜிப்சத்தோடு தொடர்பே இல்லாத சோற்றுப்பு ஜிப்சத்தை ஏன் கரைக்கிறது என்பது இப்போது விளங்கும். சோடியம் அயனிகள் சல்பேட்டுக்குப் போர்வையாகின்றன; குளோரைடு அயனிகள் கால்சியத்துக்குப் போர்வையாகின்றன.

அயனி வலிமை என்னும் அளவு

போர்வை எவ்வளவு அடர்த்தி என்பது எதைப் பொறுத்தது? கரைசலில் எத்தனை அயனிகள் உள்ளன, அவற்றின் மின்னூட்டம் எவ்வளவு என்பவற்றை மட்டுமே பொறுத்தது. அவை சோடியமா பொட்டாசியமா என்பது பெரிதல்ல. இந்த உண்மையை டிபை, ஹ்யூக்கல் கொள்கைக்கு முன்பே, 1921இல், லூயிசும் ராண்டலும் சோதனை முடிவுகளைக் கூர்ந்து நோக்கியே கண்டுகொண்டனர். அவர்கள் அமைத்த அளவுக்கு அயனி வலிமை என்று பெயர். அதைக் கணிக்கும் முறை இது: ஒவ்வொரு வகை அயனியின் செறிவையும் அதன் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்குங்கள்.

I = ½ (c₁z₁² + c₂z₂² + c₃z₃² + ...)

மின்னூட்டத்தின் வர்க்கம் ஏன்? இரட்டை மின்னூட்டமுள்ள அயனி இரண்டு மடங்கு விசையோடு ஈர்க்கப்பட்டுப் போர்வைக்குள் வருகிறது. வந்தபின் இரண்டு மடங்கு மின்னூட்டத்தைப் போர்வைக்குத் தருகிறது. இரண்டும் இரண்டும் பெருக்கி நான்கு. ஆகவே 0.01 மோல் சோடியம் குளோரைடுக் கரைசலின் அயனி வலிமை 0.01. ஆனால் அதே செறிவுள்ள கால்சியம் சல்பேட்டின் அயனி வலிமை 0.04.

அயனி வலிமை தெரிந்தால் γ ஐக் கணக்கிடலாம். 25 டிகிரியில் நீர்க்கரைசல்களுக்கு டிபை, ஹ்யூக்கல் விதி இதுதான்:

log γ = −0.51 z² √I

அயனி வலிமை 0.01க்கு மேற்படாதவரை இவ்விதி நன்றாகப் பொருந்தும். அதற்குமேல் போனால் γ ஐ மிகவும் குறைத்துக் காட்டும். ஆகவே டேவிஸ் என்பவர் 1938இல் தந்து, 1962இல் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துவது வழக்கம்:

log γ = −0.51 z² [ √I / (1 + √I) − 0.3 I ]

இதன்படி அயனி வலிமை 0.001 என்றால், சோடியம் போன்ற ஒற்றை மின்னூட்ட அயனிக்கு γ 0.96, கால்சியம் போன்ற இரட்டை மின்னூட்ட அயனிக்கு 0.87. அயனி வலிமை 0.1 ஆனால் ஒற்றைக்கு 0.78, இரட்டைக்கு 0.37 மட்டுமே. இரட்டை மின்னூட்ட அயனிகள் எவ்வளவு வேகமாகச் செயல் குன்றுகின்றன பாருங்கள். நம் கணக்கு ஜிப்சத்தில் இவ்வளவு பிசகியதற்கு இதுவே காரணம். அதன் இரண்டு அயனிகளுமே இரட்டை மின்னூட்டம் உடையவை.

கணக்கை மீண்டும் போடுவோம்

இனி வாலைவடிநீரில் ஜிப்சம் எவ்வளவு கரையும் என்பதைச் செயல்திறனைக்கொண்டு கணக்கிடுவோம். கரைதிறன் பெருக்கம் என்பது உண்மையில் செறிவுகளின் பெருக்கமன்று, செயல்திறன்களின் பெருக்கம். ஆகவே ஒவ்வோர் அயனியின் செயல்திறனும் 0.0051. செறிவு வேண்டுமானால் அதை γ ஆல் வகுக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. செறிவைக் காண γ வேண்டும். γ ஐக் காண அயனி வலிமை வேண்டும். அயனி வலிமையைக் காணச் செறிவு வேண்டும்! இதை அவிழ்க்கும் வழி, படிப்படியாக நெருங்குவதுதான். முதலில் பழைய விடையான 0.0051 ஐயே செறிவாக வைத்துக்கொள்வோம். அயனி வலிமை அதைப் போல நான்கு மடங்கு, அதாவது 0.020. இதற்கு டேவிஸ் சமன்பாடு தரும் γ 0.57. 0.0051 ஐ 0.57 ஆல் வகுத்தால் செறிவு 0.0089. இந்தப் புதிய செறிவுக்கு அயனி வலிமை 0.036, γ 0.50, செறிவு 0.0102. மீண்டும் அதே வழியில் சென்றால் 0.0106, பிறகு 0.0107 என்று ஏறி, 0.0108 இல் நின்றுவிடுகிறது. அதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் விடை மாறுவதில்லை. அந்நிலையில் γ 0.47.

0.0051 ஆக இருந்த விடை 0.0108 ஆகிவிட்டது. இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆனால் அளந்த அளவு 0.015. இன்னும் 0.004 மோல் எங்கே?

அதற்கு விடை போர்வையில் இல்லை. இரட்டை நேர்மின்னூட்டமும் இரட்டை எதிர்மின்னூட்டமும் மிக நெருங்கி வரும்போது, போர்வை என்ற சராசரிக் கணக்கு போதாது. சில கால்சியம் அயனிகளும் சல்பேட் அயனிகளும் கைகோர்த்து இணைகளாகவே நீரில் திரிகின்றன. இவற்றுக்கு அயனி இணை என்று பெயர். மொத்த மின்னூட்டம் சுழி என்பதால் இந்த இணை எந்தப் போர்வையையும் ஈர்ப்பதில்லை. தனி அயனிகளின் செயல்திறன் பெருக்கத்தை ஏறத்தாழ 200 ஆல் பெருக்கினால் இணைகளின் செறிவு கிடைக்கும். 2.6 × 10⁻⁵ ஐ 200 ஆல் பெருக்கினால் 0.0052. தனி அயனிகள் 0.0108, இணைகள் 0.0052. ஆக மொத்தம் 0.016. அளந்ததோ 0.015. மூன்று மடங்கு பிசகியிருந்த கணக்கு இப்போது பத்து விழுக்காட்டுக்குள் வந்துவிட்டது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. கரைந்த அளவான 0.015 ஐ அப்படியே வர்க்கப்படுத்திக் கரைதிறன் பெருக்கம் என்று எழுதினால் 2.3 × 10⁻⁴ வரும். இது மெய்யான மதிப்பைப் போல ஒன்பது மடங்கு. வெவ்வேறு நூல்களில் கால்சியம் சல்பேட்டுக்கு வெவ்வேறு கரைதிறன் பெருக்கங்கள் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். ஓர் எண்ணைக் காணும்போது, அது செறிவுகளின் பெருக்கமா, செயல்திறன்களின் பெருக்கமா என்று கேட்க வேண்டும். எளிதில் அறிய ஒரு வழி உண்டு. அதன் வர்க்கமூலம் அளந்த கரைதிறனுக்கு அப்படியே சமமாக இருந்தால், அது செறிவைக்கொண்டு போட்ட கணக்கு.

மீண்டும் கடலுக்கு

இப்போது நம் முதற்கேள்விக்குத் திரும்பலாம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் சோடியம் 0.469 மோல், குளோரைடு 0.546, பொட்டாசியம் 0.010. இவை ஒற்றை மின்னூட்ட அயனிகள், கூட்டினால் 1.025. மக்னீசியம் 0.053, சல்பேட் 0.028, கால்சியம் 0.010. இவை இரட்டை மின்னூட்டமுடையவை, கூட்டினால் 0.091, நான்கால் பெருக்கினால் 0.364. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அயனி வலிமை 0.7. சல்பேட்டும் கால்சியமும் சிறுபான்மையர்தாம். ஆனால் அவற்றைப் போர்த்தும் போர்வையைச் சோடியமும் குளோரைடும் தருகின்றன.

அயனி வலிமை 0.7க்கு டேவிஸ் சமன்பாடு இரட்டை மின்னூட்ட அயனிக்குத் தரும் γ ஏறத்தாழ 0.32. கால்சியம், சல்பேட் இரண்டுக்கும் இது பொருந்துவதால், செறிவுகளின் பெருக்கத்தை 0.32 ஆல் இருமுறை பெருக்க வேண்டும். 2.8 × 10⁻⁴ ஆக இருந்தது 2.8 × 10⁻⁵ ஆகச் சுருங்குகிறது. பதினொரு மடங்கு மிகையாகத் தெரிந்தது, இப்போது கரைதிறன் பெருக்கத்துக்கு ஏறத்தாழச் சமமாகிவிட்டது!

இத்துடன் அயனி இணைகளையும் சேர்க்க வேண்டும். கடலில் சல்பேட்டுக்கு இணையாகக் கால்சியம் மட்டுமன்று, அதைவிட ஐந்து மடங்கு மிகுந்த மக்னீசியமும், அளவற்ற சோடியமும் காத்திருக்கின்றன. இதனால் கடல்நீரின் சல்பேட்டில் ஏறக்குறைய பாதி இணைகளில் சிக்கிக்கொள்கிறது. கால்சியத்திலும் பத்தில் ஒரு பங்கு இணைகளில் இருக்கிறது. ஆகவே பெருக்கம் மேலும் பாதியாகிறது. கடல்நீர் போன்ற செறிந்த கரைசலில் டேவிஸ் சமன்பாடு γ ஐச் சற்று உயர்த்திக் காட்டுகிறது. அதனினும் நுட்பமான முறைகளில் கணக்கிட்டால், கடல்நீரின் செயல்திறன் பெருக்கம் கரைதிறன் பெருக்கத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே வருகிறது. அதாவது கடல் ஜிப்சத்தால் நிறைவுறவே இல்லை. ஒரு துண்டு ஜிப்சத்தைப் போட்டால் கரைவது இதனால்தான்.

உப்பளத்தில் ஒரு சான்று

இக்கணக்கின் உண்மையை நாள்தோறும் காட்டும் இடம் உப்பளம். தூத்துக்குடி, வேதாரணியம் போன்ற இடங்களில் கடல்நீரையோ நிலத்தடி உப்புநீரையோ ஆழமில்லாத பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்றவிடுகிறார்கள். நீர் எவ்வளவு கெட்டிப்பட்டது என்பதைப் போமே மானி என்ற மிதப்புமானியால் அளக்கிறார்கள்.

செறிவை மட்டும் நம்பிய கணக்கு சரியென்றால், கடல்நீர் வாய்க்காலுக்குள் வரும்போதே ஜிப்சம் படியத் தொடங்கியிருக்க வேண்டும். உண்மையில் கடல்நீரின் கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட அளவாகச் சுருங்கிய பிறகே ஜிப்சம் படிகிறது. நீர் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால் கால்சியத்தின் செறிவும் சல்பேட்டின் செறிவும் நான்கு மடங்காகும். செறிவுப் பெருக்கம் பதினாறு மடங்காகும். ஏற்கெனவே 11 மடங்கு மிகையாக இருந்தது, ஏறத்தாழ 170 மடங்கு மிகையாகிறது. அதன் பிறகுதான் படிகம்! நீர் வற்ற வற்றப் போர்வையும் அடர்வதால், படியும் நாள் தள்ளித்தள்ளிப் போகிறது.

நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, போமே மானியில் 25 டிகிரி காட்டும்போது சோற்றுப்பு படியத் தொடங்கும். ஜிப்சத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே, வற்றவிடும் பாத்திகளில் படிந்துவிடும். தெளிந்த நீரை மட்டும் அடுத்த பாத்திக்கு மாற்றி உப்பு எடுக்கிறார்கள். மாற்றும் நேரம் பிசகினால் உப்பில் ஜிப்சம் கலந்துவிடும். ஜிப்சம் படிந்த பாத்தியைத் தனியே சுரண்டி எடுக்கிறார்கள். அது சிமெண்ட் ஆலைகளுக்குப் பயன்படுகிறது.

போர்வைக் கணக்கின் எல்லை

அயனிச் சூழலின் தடிப்பையும் டிபை, ஹ்யூக்கல் கொள்கை தருகிறது. நானோமீட்டரில் சொன்னால், 0.304 ஐ அயனி வலிமையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அயனி வலிமை 0.001 உள்ள கரைசலில் இது ஏறத்தாழ 10 நானோமீட்டர். பல நீர் மூலக்கூறுகளைக் கடந்து பரவிய, மெல்லிய மேகம் போன்ற சூழல் அது. கடல்நீரிலோ 0.36 நானோமீட்டர் மட்டுமே. ஒரு நீர் மூலக்கூறின் குறுக்களவே ஏறக்குறைய 0.28 நானோமீட்டர். ஒரே ஒரு மூலக்கூறின் தடிப்புள்ள மேகம் என்பதற்குப் பொருளில்லை. அயனிகளைப் புள்ளிகளாகவும், நீரை இடைவெளியற்ற ஊடகமாகவும் கருதிய கொள்கை இங்கே தடுமாறுவது இயல்பே.

இன்னும் செறிந்த கரைசலில் வேறொரு விளைவும் தலையெடுக்கிறது. ஒவ்வோர் அயனியும் சில நீர் மூலக்கூறுகளைத் தன்னுடன் இறுகப் பற்றிக்கொள்கிறது. உப்பு மிகுந்தால், கரைக்கும் பணிக்கு எஞ்சும் நீர் குறைகிறது. இதனால் γ குறைவதை நிறுத்தி மீண்டும் ஏறத் தொடங்குகிறது. சோடியம் குளோரைடின் γ, கிலோகிராம் நீருக்கு 0.1 மோலில் 0.78, 1 மோலில் 0.66, 6 மோலிலோ 0.99! அது 1க்கு அருகில் வந்துவிட்டதால் கரைசல் எளியதாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. எதிரெதிரான இரண்டு பெரிய விளைவுகள் ஒன்றையொன்று ஈடுகட்டியுள்ளன, அவ்வளவே. உப்புநீரில் ஜிப்சத்தின் கரைதிறனும் இரண்டரை முதல் மூன்று மோல் வரை ஏறி, உச்சியைத் தொட்டு, பின்பு இறங்குகிறது.

ஆகவே செறிவை மட்டும்கொண்டு எப்போது கணக்கிடலாம்? அயனி வலிமை 0.001க்குக் குறைவாகவும் அயனிகள் ஒற்றை மின்னூட்டமுடையவையாகவும் இருந்தால் பிழை நான்கு விழுக்காட்டைத் தாண்டாது, கவலையின்றிக் கணக்கிடலாம். இரட்டை மின்னூட்டம் வந்தாலும், உப்பு மிகுந்தாலும் முதலில் அயனி வலிமையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பயிற்சிக்காக ஒரு கணக்கு: ஒரு பங்கு கடல்நீரோடு ஒன்பது பங்கு வாலைவடிநீரைச் சேர்த்தால் அயனி வலிமை 0.07 ஆகும். அக்கலவையில் இரட்டை மின்னூட்ட அயனியின் γ எவ்வளவு? அதில் ஜிப்சத்தைப் போட்டால், வாலைவடிநீரில் கரைவதைவிட அதிகமாகக் கரையுமா, குறைவாகக் கரையுமா? விடை காணும்போது, கலவையில் ஏற்கெனவே உள்ள கால்சியத்தையும் சல்பேட்டையும் மறந்துவிடாதீர்கள்.